வானத்தில் இருக்கும் கூரையை அளந்தவர்

குழந்தைகளே! உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கருவடிக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டே இலங்கை வானொலியைக் கேட்டவர்கள் அவர்கள். கொழும்பு இங்கிருந்து ஐநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பூமியோ உருண்டை. நேர்கோட்டில் செல்லும் வானொலி அலை, பூமியின் வளைவைத் தாண்டி விண்வெளிக்கல்லவா போயிருக்க வேண்டும்? அதை நம் பக்கம் திருப்பி அனுப்பியது எது? இந்தியாவில் இதை ஆராய்ந்த முன்னோடி, சிசிர் குமார் மித்ரா.

1890ஆம் ஆண்டு வங்காளத்தில் பிறந்தார். அப்பா ஆசிரியர், அம்மா மருத்துவமனையில் பணிபுரிந்தவர். கல்கத்தாவில் இயற்பியல் படித்த மித்ரா, முதலில் ஆராய்ந்தது ஒளியைப் பற்றி. 1920இல் பிரான்சு சென்றார். பாரிஸில் டாக்டர் பட்டம் பெற்று, மேரி க்யூரியின் ஆய்வுக்கூடத்திலும் சிறிது காலம் இருந்தார். பிறகு நான்சி நகரில் வானொலி வால்வுகளைப் பற்றிய ஆராய்ச்சியைப் பார்த்தார். அங்கேதான் அவர் மனம் மாறியது. நன்றாகத் தெரிந்த ஒளியியலை விட்டுவிட்டு, நம் நாட்டில் யாரும் கற்பிக்காத ஒரு பாடத்துக்குத் தாவுவது சாதாரணத் துணிச்சல் அல்ல. கம்பியில்லாத் தந்தியைக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாடமாக்க வேண்டும் என்று அங்கிருந்தே அசுதோஷ் முகர்ஜிக்குக் கடிதம் எழுதினார். 1923இல் பேராசிரியராகத் திரும்பி வந்து, அதைச் செய்தும் காட்டினார்.

இப்போது வானத்துக்கு வருவோம். தரையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டருக்கு மேலே, சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. இப்படிப் பிரிந்த மின்துகள்கள் நிறைந்த வாயுவுக்குப் பிளாஸ்மா என்று பெயர். அந்தப் பகுதியே அயனி மண்டலம்.

அங்குள்ள எலக்ட்ரான்களைச் சற்றே தள்ளிவிட்டால் என்ன ஆகும்? எதிரே நிற்கும் நேர்மின் துகள்கள் அவற்றைத் திரும்ப இழுக்கும். அவை வேகமாக வந்து, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடும். மறுபடியும் இழுபடும். ஊஞ்சல் மாதிரிதான்! ஒரு விநாடியில் எத்தனை முறை ஆடுகின்றன என்பதே பிளாஸ்மா அதிர்வெண். எலக்ட்ரான்கள் நெருக்கமாக இருந்தால் இழுப்பு பலமாகும். ஊஞ்சலும் வேகமாக ஆடும்.

கீழேயிருந்து வரும் வானொலி அலை இந்த ஊஞ்சலைவிட மெதுவாக அதிர்ந்தால், எலக்ட்ரான்கள் அதற்கு முழுமையாக ஈடுகொடுக்கும். அவை ஆடும்போது தாங்களும் அலைகளை வெளியிடும். அந்த அலைகள், மேலே போகிற அலையை அழித்து, கீழ் நோக்கி ஓர் அலையை அனுப்பிவிடும். நமக்கு அது எதிரொளிப்பாகத் தெரிகிறது. அலை ஊஞ்சலைவிட வேகமாக அதிர்ந்தாலோ, எலக்ட்ரான்கள் நகர்வதற்குள் அலை திசை மாறிவிடும். தடுக்க ஆளில்லாமல் விண்வெளிக்குப் போய்விடும்.

ஒரு கணக்குப் போடலாமா? ஒரு கனமீட்டரில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, 9ஆல் பெருக்குங்கள். பிளாஸ்மா அதிர்வெண் வந்துவிடும். லட்சம் கோடி எலக்ட்ரான்கள் இருந்தால், வர்க்கமூலம் 10 லட்சம். விடை விநாடிக்கு 90 லட்சம், அதாவது 9 மெகாஹெர்ட்ஸ். செங்குத்தாக மேலே அனுப்பும் அலைக்கு இதுவே எல்லை. சாய்வாகச் செல்லும் அலை இன்னும் கூடுதல் அதிர்வெண்ணிலும் திரும்பி வரும். ஆனால் 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பண்பலை வானொலி, வழக்கமாக மேலே ஊடுருவிப் போய்விடும். அதனால்தான் அதைத் தொலைதூரத்தில் கேட்க முடிவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூரையை எப்படி அளப்பது? வானொலி அலையைச் சிறு துடிப்பாக மேலே அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒரு விநாடியில் 500இல் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால், அலை போய்வந்த தூரம் 600 கிலோமீட்டர். கூரையின் உயரம் 300. பிறகு அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்தில் எதிரொலி சட்டென்று காணாமல் போகும். அலை கூரையைத் துளைத்துவிட்டது என்று அர்த்தம்! அந்த அதிர்வெண்ணிலிருந்து எலக்ட்ரான்களின் நெருக்கத்தைக் கணக்கிடலாம். ஆனால் அந்த எல்லையை நெருங்கும்போது கவனம் வேண்டும். அலை மேலே மெதுவாகிவிடுவதால், கூரை உண்மையைவிட உயரமாக இருப்பதுபோல் தோன்றும்.

மித்ராவும் மாணவர்களும் 1930களில் வங்காள வானத்தின் அயனி மண்டல அடுக்குகளை இப்படி எதிரொலிகளால் ஆராய்ந்தார்கள். அடுக்குகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. சூரியன் மறைந்தபின் பிரிந்த எலக்ட்ரான்கள் மீண்டும் அயனிகளோடு சேர்ந்துவிடும். நெருக்கம் நான்கில் ஒரு பங்கானால், மேலே சொன்ன எல்லையும் பாதியாகிவிடும். பகலில் கேட்ட சிற்றலை நிலையம் இரவில் மறைவதும், வானொலி நிலையங்கள் இரவுக்கென்று வேறு அதிர்வெண் வைத்திருப்பதும் இதனால்தான்.

தாம் கண்டதையும், உலகெங்கும் மற்றவர்கள் கண்டதையும் திரட்டி, மேல் வளிமண்டலத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார் மித்ரா. 1947இல் கல்கத்தாவின் ஆசியக் கழகம் அதை வெளியிட்டது. 1958இல் லண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1963இல் அவர் காலமானார்.

நிலவில் ஒரு பள்ளத்துக்கு மித்ரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது இருப்பதோ நிலவின் மறுபக்கத்தில். பூமியிலிருந்து எந்த வானொலி அலையும் அங்கே நேராகப் போய்ச் சேர முடியாது!